"முடியாது" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மாற்று: மறுப்பை உதவியாக மாற்றும் முறை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, முன்பு என்னோடு பணியாற்றிய ஓர் இளைஞரிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, 80 பக்க அறிக்கை. வெள்ளிக்கிழமை காலையில ஒப்படைக்கணும். ஒரு தடவை முழுசாப் பார்த்துத் தர முடியுமா?" மெய்ப்புத் திருத்துவதும் பிரதியைச் செம்மை செய்வதும் என் தொழில். கவனமாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் எனக்கு 8 பக்கங்கள்தான் நகரும். ஆகவே அவர் கேட்டது 10 மணி நேர உழைப்பு. வியாழன் இரவு வரை வேறொரு நூலுக்கு நாள் குறித்து வாக்குக் கொடுத்திருந்தேன். "இந்த வாரம் முடியாது தம்பி, மன்னிச்சுக்கோ" என்று தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். அழித்தபின் என்ன செய்தேன், அது ஏன் வேலை செய்தது, அதே முறை எங்கே கெட்டுப்போகும் என்பதை இந்த ஒரு நிகழ்வை வைத்தே விளக்குகிறேன்.

வெறும் மறுப்பு எதை விட்டுவிடுகிறது

ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்கும்போது, வெளியே தெரிவது ஒரு கேள்விதான்: இதைச் செய்து தருவீர்களா? அதன் அடியில் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் கேட்டதை நீங்கள் உண்மையில் காதில் வாங்கினீர்களா என்பது ஒன்று. நீங்கள் இல்லையென்றால் நான் இனி என்ன செய்வது என்பது மற்றொன்று. "முடியாது" என்ற சொல் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. மற்ற இரண்டுக்கும் நாம் மௌனம் காக்கிறோம், அந்த மௌனத்தைக் கேட்டவர் தம் மனநிலைக்கு ஏற்ப நிரப்பிக்கொள்கிறார். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் அதை நல்லவிதமாக நிரப்புவது அரிது.

தமிழில் இதை "முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்" என்கிறோம். முகம் என்ற இந்த உருவகத்தையே சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தாக்கமாக எடுத்துக்கொண்டார். மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும்போது தம் முகத்தையும் எதிரில் இருப்பவர் முகத்தையும் ஒருசேரக் காத்துக்கொள்ளப் பாடுபடுகிறார்கள் என்றார். மொழியியலாளர்கள் பெனெலபி பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் 1978-இல் அதை விரித்து, அந்த முகத்துக்குள் இரண்டு விருப்பங்கள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள்: பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்பது ஒன்று, தம் வழியில் யாரும் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. உதவி கேட்பவர் நம் வழியில் குறுக்கிடுகிறோமே என்ற கூச்சத்தோடுதான் கேட்கிறார். மறுப்பு வந்ததும், கேட்டிருக்கவே கூடாது என்று அந்தக் கூச்சம் உறுதிப்படுகிறது. மறுப்பில் புண்படுத்துவது, வேலை நடக்கவில்லை என்பதைவிடப் பெரும்பாலும் இந்த உறுதிப்பாடுதான்.

காரணம் சொன்னால் போதாதா என்று தோன்றலாம். காரணம் ஓரளவுக்கு உதவுகிறது, ஆனால் காரணங்கள் பொதுவானவை. "வேலை அதிகம்" என்பதைக் கேட்கப்பட்ட செய்தியைப் படிக்காமலே சொல்ல முடியும். மாற்று அப்படியல்ல. அவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், எதற்காக வேண்டும் என்று தெரியாமல் பொருத்தமான ஒரு மாற்றைச் சொல்லவே முடியாது. எனவே மாற்றைக் கேட்கிறவர், தம் கோரிக்கையோடு நாம் ஓரிரு நிமிடங்களாவது உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்கிறார். அதோடு, வெறும் மறுப்பு அவரைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பும்போது, மாற்று அவரை ஓர் அடியேனும் முன்னே நகர்த்துகிறது.

இறங்கி வருதலுக்கு மனித மனம் எவ்வளவு வலுவாகப் பதிலளிக்கிறது என்பதற்கு ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல சான்று. இளங்குற்றவாளிச் சிறுவர்களை உயிரியல் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம் அழைத்துச் செல்ல முடியுமா என்று கல்லூரி மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். வாரம் இரண்டு மணி நேரம் வீதம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஊதியமின்றி ஆலோசகராக இருக்க முடியுமா என்று முதலில் கேட்டு, அதை எல்லாரும் மறுத்த பிறகு அதே பூங்காப் பயணத்தைக் கேட்டபோது 50 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். அங்கே இறங்கி வந்தவர் கேட்டவர். இங்கே நான் பேசுவது மறுப்பவர் இறங்கி வருவதைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும், எதிரில் இருப்பவர் தம் இடத்திலிருந்து ஓர் அடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும் என்று தோன்றும் அந்த உந்துதல் இரண்டுக்கும் பொது என்றே நான் கருதுகிறேன். மாற்றோடு வரும் மறுப்பை மக்கள் எளிதாக ஏற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் படி: கோரிக்கைக்குள் இருக்கும் தேவையைக் கேட்டறிதல்

மொத்த முறையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. அவசரத்தில் பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். மக்கள் கேட்பது பெரும்பாலும் தேவையை அல்ல, தேவைக்குத் தாங்கள் கண்டுபிடித்த தீர்வை. "80 பக்கத்தையும் பார்த்துத் தர முடியுமா" என்பது ஒரு தீர்வு. அதன் தேவை வேறாக இருக்கலாம்.

நான் அழித்த செய்திக்குப் பதிலாக இரண்டே கேள்விகள் அனுப்பினேன்: "யார் படிக்கப் போறாங்க? எந்த இடம் உனக்குப் பயமா இருக்கு?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மேலதிகாரி முதல் 5 பக்கச் சுருக்கத்தை மட்டுமே வரிவரியாகப் படிப்பார். அதில் வாக்கியப் பிழை கண்ணில் பட்டால் மீதியைப் புரட்டாமலே திருப்பி அனுப்பிவிடுவார். மற்ற 75 பக்கங்களும் அட்டவணைகளும் பழைய அறிக்கையிலிருந்து எடுத்த பத்திகளும். ஆக, 10 மணி நேரக் கோரிக்கைக்குள் இருந்த உண்மையான தேவை ஏறத்தாழ 40 நிமிட வேலை.

எப்போதும் இவ்வளவு அழகாகச் சுருங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காதவரை, எந்தப் பகுதி கனமானது, எது வெறும் பக்கம் என்பது நமக்குத் தெரிய வழியில்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு: இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதே, கேட்டவர் மனத்தில் "சரி, செய்யப் போகிறார்" என்ற நம்பிக்கை முளைக்கத் தொடங்கும். எனவே முழுவதையும் செய்ய முடியாது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், கேள்விக்கு முன்பே "முழுசா முடியுறது கஷ்டம், ஆனா ஒண்ணு கேக்கறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நேர்மை. நானும் அந்த வரியைச் சேர்த்தே அனுப்பினேன்.

இரண்டாம் படி: மறுப்பை முதலில், முழு வாக்கியமாகச் சொல்லுதல்

உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து நுணுகி ஆராய்பவர்கள் நெடுநாளாகக் கவனித்த ஒன்று உண்டு: ஒப்புதல் சட்டென்று வருகிறது, மறுப்போ தயக்கத்தோடும் "அது வந்து..." போன்ற இழுப்போடும் சுற்றிவளைத்தே வருகிறது. இது நாகரிகமான பழக்கம்தான். ஆனால் மாற்று ஒன்றைக் கையில் வைத்திருக்கும்போது இதே பழக்கம் நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. மறுப்பைச் சொல்லக் கூசி, மாற்றை முன்னால் வைத்து, மறுப்பை அவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

"முதல் 5 பக்கத்தை அனுப்பு, பார்க்கறேன்" என்று மட்டும் நான் எழுதியிருந்தால், அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்? முதலில் 5 பக்கம், அது முடிந்ததும் மீதி என்றுதான் புரிந்துகொண்டிருப்பார். வியாழன் மாலை 75 பக்கங்களும் என் மின்னஞ்சலில் வந்து விழுந்திருக்கும். அப்போது சொல்லும் மறுப்பு, செவ்வாய்க்கிழமையே சொல்லும் மறுப்பைவிடப் பல மடங்கு கசக்கும், ஏனென்றால் வேறு ஆளைத் தேடுவதற்கு அவருக்கு இருந்த இரண்டு நாளையும் நான் தின்றிருப்பேன். மறுப்பு எவ்வளவு முன்னதாகவும் தெளிவாகவும் வருகிறதோ, அதுவே முதல் உதவி. மாற்று அதற்குப் பிறகு வரும் இரண்டாவது உதவி.

காரணத்தை ஒரு வரிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. காரணம் நீளநீள, அது விவாதத்துக்கு அழைப்பாகிறது. நூலின் பெயர், பதிப்பாளரின் நெருக்கடி, என் உடல்நிலை என்று அடுக்கினால், ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்வு கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்குவார்.

மூன்றாம் படி: ஒரே ஒரு மாற்று, எல்லைகளோடு

லெஸ்லி பீபியும் உடன் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜப்பானியரும் அமெரிக்கரும் கோரிக்கை, அழைப்பு, உபசரிப்பு, யோசனை ஆகியவற்றை எந்தச் சொற்களால் மறுக்கிறார்கள் என்று வகைப்படுத்தினார்கள். வருத்தம், காரணம், வாக்குறுதி ஆகியவற்றோடு மாற்று கூறுதலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள்ளேயே அவர்கள் இரண்டு வடிவங்களைப் பிரித்தார்கள்: "அதற்குப் பதில் நான் இதைச் செய்கிறேன்" என்பது ஒன்று, "அதற்குப் பதில் நீங்கள் இதைச் செய்யலாமே" என்பது இன்னொன்று. இந்தப் பிரிவினையை நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதுகிறேன். முதல் வடிவத்தில் நாம் சிறிது செலவு செய்கிறோம். இரண்டாவதில் செலவு முழுவதும் கேட்டவருக்கே போகிறது. "வேறு யாரையாவது கேட்டுப் பாரேன்" என்பது மாற்று போலத் தோன்றினாலும், அது அவர் ஏற்கெனவே அறிந்த வழியை அவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான். இரண்டாவது வடிவத்தைப் பயன்படுத்துவதானால், அதில் நம் உழைப்பு கொஞ்சமாவது கலந்திருக்க வேண்டும்: எந்த ஆள், அவரிடம் எதைச் சொல்லிக் கேட்பது, நாமே ஒரு வரி அறிமுகம் எழுதித் தருகிறோமா என்பதுவரை.

மாற்று ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் உறுதியான விடை உண்டு. பெரிய மாற்றை மறுப்பின் குற்ற உணர்வில்தான் கொடுக்கிறோம், அதனாலேயே அதை நிறைவேற்றாமல் போகிறோம். "அடுத்த வாரம் உட்கார்ந்து முழுசாப் பார்த்துத் தர்றேன்" என்பது தாராளமாக ஒலிக்கிறது. ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமை வேண்டும், எனக்கோ அடுத்த வாரமும் வேலை இருக்கும். நிறைவேறாத மாற்று இரண்டாவது மறுப்பாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், பெற்றுக்கொள்பவருக்கும் பெரிய மாற்று ஒரு சுமை. தமக்காக ஒருவர் இரவெல்லாம் விழித்தார் என்பதை யாரும் எளிதாகச் சுமப்பதில்லை. சிறியதை நம்புவது எளிது, ஏற்பது எளிது, வேண்டாம் என்று சொல்வதும் எளிது.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது: இந்த வாரம் நான் எதிர்பாராத எல்லாமே நடந்தாலும் இதைச் செய்து முடிப்பேனா? ஆம் என்றால் அது சரியான அளவு. 40 நிமிடம் என் கணக்கில் அப்படிப்பட்டது. வியாழன் காலை அரை மணி முன்னதாக எழுந்தால் ஏறக்குறைய முடிந்துவிடும்.

எல்லைகள் என்று நான் சொல்வது மூன்றை: எவ்வளவு, எப்போதுக்குள், அவர் என்ன தர வேண்டும். நான் கடைசியில் அனுப்பிய செய்தி இது:

"தம்பி, 80 பக்கத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்ள என்னால பார்க்க முடியாது. வியாழன் ராத்திரி வரைக்கும் வேற ஒரு புத்தகம் கையில இருக்கு. சுருக்கம் 5 பக்கத்தை மட்டும் நாளைக்கு ராத்திரி 8 மணிக்குள்ள அனுப்பினா, வியாழன் காலையில 9 மணிக்குத் திருத்தித் தந்துடுவேன். அது உனக்குப் பிரயோஜனப்படாதுன்னா தயங்காம சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இரண்டு மூன்று மாற்றுகளை அடுக்கிவிடலாமே என்ற எண்ணம் எனக்கும் தொடக்கத்தில் இருந்தது. அனுபவத்தில் அது மறுப்பைக் கலங்கடிக்கிறது. மூன்றைப் பார்ப்பவர், இவ்வளவு இடம் இருக்கிறதென்றால் கொஞ்சம் அழுத்தினால் முழுவதும் கிடைக்கும் என்று எண்ணுகிறார். அல்லது நெருக்கடியில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கும் வேலையையும் அவர் தலையில் ஏற்றுகிறோம்.

நான்காம் படி: மாற்றையும் மறுக்க இடம் விடுதல்

அந்தச் செய்தியின் கடைசி வாக்கியத்தை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. மாற்று அவருக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படியிருந்தும், நாம் இறங்கி வந்துவிட்டோமே என்பதற்காக அவர் ஏற்றுக்கொள்ளக் கூடும். அப்போது அவருக்கு இரட்டை நட்டம்: வேண்டியது கிடைக்கவில்லை, வேண்டாததற்கு நன்றி சொல்லவும் வேண்டியிருக்கிறது.

மாற்று உண்மையில் பொருந்தியதா என்பதைப் பதிலிலிருந்து கண்டுபிடிக்கலாம். பொருந்தியிருந்தால் பதிலில் விவரம் இருக்கும்: எப்போது அனுப்புகிறேன், எந்தக் கோப்பு, இன்னொரு சிறு சந்தேகம் என்று. அந்த இளைஞர் எழுதியது: "சரிக்கா, சுருக்கத்துல கடைசிப் பத்தி இன்னும் எழுதல, அதை முடிச்சுட்டு 7 மணிக்கே அனுப்பிடறேன். மீதியில அட்டவணைத் தலைப்பை மட்டும் நானே பார்த்துக்கறேன்." மீதி தம் பொறுப்பு என்பதை அவராகவே எடுத்துக்கொண்டார், மறுப்பும் சென்று சேர்ந்தது, மாற்றும் சென்று சேர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதற்கு மாறாக, "பரவாயில்லக்கா, பார்த்துக்கறேன்" என்ற ஒற்றை வரி வந்தால், மாற்று அவருக்கு உதவவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்போது இன்னொரு மாற்றைத் தேடி அவர் பின்னால் ஓட வேண்டியதில்லை. "வேற எது உபயோகமா இருக்கும்னு தோணினா சொல்லு" என்று ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே கெட்டுப்போகிறது

மிக அடிக்கடி நான் காணும் கோளாறு, ஒப்புக்காகச் சொல்லும் மாற்று. உதவி மையங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் இது மலிந்திருக்கிறது: கேட்ட விவரத்தைத் தர இயலாது, எங்கள் பொதுத் தகவல் பக்கத்தைப் பார்வையிடவும் என்று வரும். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேட்டிருப்பார். இப்படிப்பட்ட மாற்று வெறும் மறுப்பைவிடக் கீழானது; வெறும் மறுப்பு அவருடைய கேள்வியை ஒருமுறைதான் தள்ளுகிறது, இதுவோ அந்தக் கேள்வியைப் படிக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நாம் எழுதிய மாற்றை, இதே போன்ற வேறொரு கோரிக்கைக்கும் ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியுமென்றால் அது இன்னும் மாற்றாகவில்லை.

இரண்டாவது கோளாறு நம் பக்கம் நேர்வது. சிறிய உதவிக்கு இசைந்தவர் அடுத்து வரும் பெரிய உதவிக்கும் இசையும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஜொனாதன் ஃப்ரீட்மனும் ஸ்காட் ஃப்ரேசரும் 1966-இலேயே சோதனையில் காட்டினார்கள். மாற்றாகக் கொடுத்த 5 பக்கம் எனக்கே ஒரு வாசற்படியாக மாறக் கூடும். சுருக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாம் இயலையும் பார்த்துவிடலாமா என்ற ஆசை, யாரும் கேட்காமலே எனக்குள் எழுந்தது உண்மை. அதனால்தான் எல்லையை எழுத்தில் வைக்கிறேன். அது கேட்டவரைக் கட்டுப்படுத்துவதைவிட என்னைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகிறது.

மாற்றே தரக் கூடாத இடங்களும் உண்டு. கோரிக்கையே தவறானதாக இருந்தால், உதாரணமாக வேறொருவர் எழுதியதைத் தம்முடையது போல் மாற்றித் தரச் சொன்னால், அதில் எந்தச் சிறு பகுதியைச் செய்து கொடுத்தாலும் முழுமைக்கும் உடன்பட்டதாகும். முன்பு தெளிவாக மறுத்ததையே ஒருவர் மீண்டும் மீண்டும் அழுத்தும்போதும் மாற்று வேண்டாம். அழுத்தினால் கிடைக்கும் என்று அவருக்கு நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். அதேபோல் நம்மிடம் உண்மையிலேயே எதுவும் இல்லாத நாள்களில், "முடியாது, மன்னிக்கவும், இன்றே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்பதே கண்ணியமானது. வராத உதவிக்காகக் காத்திருக்க நேராமல் போனதே அன்று அவருக்குக் கிடைக்கும் பயன்.

கடைசிப் படி: சொன்ன நேரத்தில், சொன்ன அளவில்

புதன் இரவு 7 மணிக்குக் கோப்பு வந்தது. வியாழன் காலை 8.40-க்குத் திருப்பி அனுப்பினேன். 5 பக்கத்தில் 23 திருத்தங்கள்; அவற்றில் ஒரே வகைப் பிழை, நீண்ட வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் போவது, 9 முறை வந்திருந்தது. ஆறாம் பக்கத்தை நான் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியை இரண்டு வரியில் எழுதி, "மீதியில இதை மட்டும் தேடிப் பாரு" என்று கோப்பின் தலைப்பில் குறித்து வைத்தேன். அன்று மாலை அவரிடமிருந்து வந்த செய்தியில், மீதிப் பக்கங்களில் தாமே 31 இடங்களில் அதைத் திருத்தியதாக எழுதியிருந்தார்.